கணக்கு உதைக்கிறதா? ஒரே செய்தியில் பல படங்கள் அனுப்பும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

ஒரு படத்தை அனுப்பிக் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாடல், அதே மாதிரி ஆறு படங்களை ஒரே செய்தியில் சேர்த்து அனுப்பினால் சில நேரம் குழம்புகிறது. படம் மாறிப் பேசுகிறது, ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் இருப்பதாகச் சொல்கிறது, எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறது. இவை கண்டபடி வரும் தவறுகள் இல்லை. படங்கள் மாடலுக்குள் எப்படிப் போகின்றன என்பது தெரிந்தால் ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் பிடிபடும்.

ஒவ்வொரு படமும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, எண்களின் வரிசையாக மாற்றப்படுகிறது. இந்தத் துண்டுகளை டோக்கன் கணக்கில் அளக்கிறார்கள். முதல் படத்தின் துண்டுகள், அடுத்த படத்தின் துண்டுகள், நீங்கள் எழுதிய கேள்வி என்று எல்லாம் ஒரே நீண்ட வரிசையாக மாடலுக்குப் போகின்றன. படத்துக்கும் படத்துக்கும் நடுவே 'இங்கே ஒன்று முடிந்தது' என்ற அடையாளம் இருக்கும், ஆனால் தடுப்புச் சுவர் கிடையாது. பதிலின் ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் மாடல் எந்தப் படத்தின் எந்தத் துண்டையும் பார்க்கலாம். இரண்டு படங்களை ஒப்பிட மாடலால் முடிகிறது என்றால் அது இந்த வசதியால்தான். கீழே வரும் கோளாறுகளில் பாதியும் இதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம். ஒரு சின்ன மெஸ்ஸின் கொள்முதல் பில்கள். மொத்தம் 6 படங்கள், ஆனால் பில்கள் 4 தான். படம் 1 காய்கறி பில், கையால் எழுதியது, 1,840 ரூபாய். படம் 2, 3, 4 மூன்றும் ஒரே மளிகை பில். நீளமான பில் என்பதால் மேல், நடு, கீழ் என்று மூன்றாக எடுத்தது. தொகை 6,275 ரூபாய். படம் 5 பால் பில், 930 ரூபாய். படம் 6 எரிவாயு சிலிண்டர் பில், 1,905 ரூபாய். சரியான கூட்டுத்தொகை 10,950.

அறிகுறி: மொத்தம் கூடுதலாக வருகிறது, அல்லது '6 பில்கள்' என்கிறது

"இந்த பில்களின் மொத்தச் செலவு என்ன?" என்று மட்டும் கேட்டால் 12,250 என்று பதில் வரலாம். உடனே 'மாடலுக்குக் கூட்டல் வராது' என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள்: 12,250 கழித்தல் 10,950, ஆக 1,300. இந்த 1,300 எங்காவது வரிகளாக உட்கார்ந்திருக்கிறதா? மளிகை பில்லில் துவரம் பருப்பு 5 கிலோ 850 ரூபாய், சர்க்கரை 10 கிலோ 450 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 1,300. படம் 2-இன் அடியில் இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றன. படம் 3-இன் உச்சியிலும் அதே இரண்டு வரிகள். எடுக்கும்போது ஓரம் விட்டுப்போகக் கூடாது என்று கொஞ்சம் மேலேறி எடுத்ததால் வந்தது. மாடல் இரண்டையும் எண்ணிவிட்டது.

வித்தியாசம் இப்படிச் சில வரிகளின் கூட்டாக அமைந்தால், காரணம் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுதான். எந்த வரியோடும் பொருந்தாத 7, 40 போன்ற வித்தியாசம் வந்தால் காரணம் வேறு. ஏதோ ஒரு இலக்கத்தைத் தப்பாக வாசித்திருக்கிறது, அல்லது கூட்டலில் பிசகியிருக்கிறது. கூட்டலை மாடலிடம் விடாமல், வரிகளை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி எக்செல்லில் கூட்டுவதே நல்லது.

படிந்த வரிகளுக்குத் தீர்வு, படங்களுக்கு இடையே உள்ள உறவை நீங்களே சொல்லிவிடுவது. மாடலுக்கு ஆறு படங்கள் தெரியும். நான்கு பில் என்பது தெரியாது. சில நேரம் தானாகவே ஊகித்துவிடும், சில நேரம் ஊகிக்காது. கேள்வியை இப்படி எழுதலாம்:

"மொத்தம் 6 படங்கள், 4 பில்கள். படம் 2, 3, 4 ஒரே மளிகை பில்லின் மேல், நடு, கீழ்ப் பகுதிகள். ஓரத்தில் சில வரிகள் இரண்டு படங்களிலும் இருக்கும். முதலில் ஒவ்வொரு படத்திலும் தெரியும் வரிகளைப் படம் எண், வரிசை எண்ணோடு தனித்தனியாக எழுது. அப்புறம் மூன்றையும் ஒரே பில்லாகச் சேர். திரும்ப வரும் வரிகள் எவை என்று சொல்லு. கடைசியில் படம் 4-இல் அச்சாகியிருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடு."

'முதலில் தனித்தனியாக எழுது' என்பதுதான் இதில் முக்கியம். நேராக மொத்தத்தைக் கேட்டால் எந்த வரியை எத்தனை தடவை எண்ணியது என்று நமக்குத் தெரியாது. தனித்தனியாக எழுதினால் சரிபார்க்க இடம் கிடைக்கிறது. நம் பில்லில் படம் 2-இல் 8 வரிகள், படம் 3-இல் 7, படம் 4-இல் 4, ஆக 19. பில்லின் அடியில் அச்சாகியிருக்கும் உருப்படி எண்ணிக்கை 17. இரண்டு வரிகள் திரும்ப வந்திருக்கின்றன, கணக்கு பொருந்துகிறது. வரிசை எண்ணையும் கேட்டது இதற்காகத்தான்: படம் 3 முடியும் இடத்தில் 13, படம் 4 தொடங்கும் இடத்தில் 14 என்றால் நடுவில் எதுவும் விடுபடவில்லை.

ஒரு எச்சரிக்கை. 'திரும்ப வருவதை நீக்கு' என்று மட்டும் சொன்னால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும். கடைக்காரர் உண்மையிலேயே சர்க்கரையை இரண்டு தடவை பில் போட்டிருந்தால் மாடல் அதில் ஒன்றைத் தூக்கிவிடும். வரிசை எண் இருக்கும் பில்லில் அதை வைத்துத்தான் முடிவு செய்யச் சொல்ல வேண்டும். வரிசை எண் இல்லாத பில்லில், முன்னும் பின்னும் உள்ள வரிகளும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே வரியாகக் கொள்ளச் சொல்லுங்கள். இதற்குப் பயந்து ஓரம் படியாமல் துல்லியமாக வெட்டி எடுக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வரிகள் படிந்திருந்தால்தான் எந்தப் படம் எதோடு சேரும் என்பதற்கு ஆதாரம் இருக்கும்.

முதல் தடவை மங்கலாக வந்து, இரண்டாம் தடவை தெளிவாக எடுத்து, இரண்டையும் அனுப்பிவிடுவதும் இதே ரகம்தான். மங்கலானதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

அறிகுறி: 'ஐந்தாவது படம்' என்றால் வேறொன்றைப் பற்றிப் பேசுகிறது

படம் 5 பால் பில் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், பதிலோ சிலிண்டரைப் பற்றி வருகிறது. முதலில் வரிசையைச் சோதியுங்கள். கைபேசியில் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது சில செயலிகள் நீங்கள் தொட்ட வரிசையிலும், சில எடுத்த தேதி வரிசையிலும் சேர்க்கும். அனுப்பும் முன் செய்திப் பெட்டியில் சின்னதாகத் தெரியும் படங்களை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: "படங்களை வந்த வரிசையில் எண்ணிட்டு, ஒவ்வொன்றின் உச்சியில் எழுதியிருப்பதை மட்டும் எழுது."

கோப்பின் பெயரை நம்ப வேண்டாம். `paal_bill.jpg` என்று அழகாகப் பெயர் வைத்திருந்தாலும், மாடலுக்குப் போவது படத்தின் பிக்சல்கள்தான். பெயரை எழுத்தாகச் சேர்த்து அனுப்புவது அந்தச் செயலியின் விருப்பம். நிரல் மூலம் மாடலை நேரடியாக அழைக்கும் ஏபிஐ வழியே அனுப்பினால் நீங்கள் எழுதாதவரை போகாது. படத்துக்குள் மறைந்திருக்கும் எடுத்த தேதி, இடம் போன்ற தகவல்களும் அப்படித்தான். கிளாட் மாடலுக்கு இந்தத் தகவல்கள் போவதில்லை என்று அதை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆவணமே சொல்கிறது. அதனால் 'எடுத்த நேரப்படி வரிசைப்படுத்து' என்று கேட்பதில் பயனில்லை. கேட்டால் ஒரு வரிசை வரும், ஆனால் அது ஊகம்.

நிரல் எழுதி அனுப்புகிறவர்களுக்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு பெயர்ச்சீட்டை எழுத்தாக வையுங்கள். படங்களை முதலிலும் கேள்வியைக் கடைசியிலும் வைப்பது கிளாட்டுக்கு நல்லது.

```json
"content": [
  {"type": "text", "text": "படம் 1 (காய்கறி):"},
  {"type": "image", "source": {"type": "base64",
    "media_type": "image/jpeg", "data": "..."}},
  {"type": "text", "text": "படம் 2 (மளிகை, மேல் பகுதி):"},
  {"type": "image", "source": {"type": "base64",
    "media_type": "image/jpeg", "data": "..."}},
  {"type": "text", "text": "ஒவ்வொரு படத்தின் வரிகளையும் எழுது."}
]
```

அரட்டைச் செயலியில் இப்படி நடுநடுவே எழுத்தை நுழைக்க முடியாது. அங்கே எனக்குப் பிடித்த வழி பழைய வழி: ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக 5 என்று எழுதி, பில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பது. எண் படத்துக்குள்ளேயே போய்விடுவதால் வரிசை எப்படி மாறினாலும் குழப்பம் இல்லை. 'சீட்டில் உள்ள எண்தான் படத்தின் எண்' என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதே கோளாறு இரண்டாவது செய்தியிலும் தலைகாட்டும். ஆறு படங்களை அனுப்பிப் பதில் வாங்கிய பிறகு, அதே உரையாடலில் இன்னும் மூன்று அனுப்புகிறீர்கள். முந்தைய படங்களும் வரிசையில் இன்னும் இருக்கின்றன. இப்போது 'முதல் படம்' என்றால் எது? புதியவற்றுக்கு 7, 8, 9 என்று எண்ணைத் தொடருங்கள்.

அறிகுறி: ஒரு படத்தில் இல்லாத விவரம் அதில் இருப்பதாக வருகிறது

கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான், ஏனென்றால் பதில் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். சிலிண்டர் பில்லில் தேதி இருக்கும் மூலை மடிந்துபோய்ப் படத்தில் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்று பில்களிலும் 14-ஆம் தேதி. நீங்கள் தேதி, கடை, தொகை என்று அட்டவணை கேட்கிறீர்கள். சிலிண்டர் வரியிலும் 14 என்று வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. சுவர் இல்லாததால் பக்கத்துப் படங்களின் தேதி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதோடு, ஒன்றாக வந்த படங்கள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்றுதான் மாடல் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது சரியான ஊகம் என்பதால் மாடலைக் குறை சொல்லவும் முடியாது. போதாக்குறைக்கு, காலியாக ஒரு கட்டம் உள்ள அட்டவணை வேறு 'நிரப்பு, நிரப்பு' என்று இழுக்கிறது.

சோதனை: சந்தேகமான படத்தை மட்டும் புதிய உரையாடலில் தனியாக அனுப்பி, "இதில் தேதி தெரிகிறதா? தெரிந்தால் எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது 'தெரியவில்லை' என்று வந்தால், முன்பு வந்த 14 பக்கத்துப் படத்திலிருந்து கசிந்தது. தனியாகவும் 14 என்றே வந்தால் கசிவு இல்லை. அந்த மூலையில் ஏதாவது தெரிகிறதா என்று நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். புதிய உரையாடல் அவசியம். பழைய உரையாடலிலேயே கேட்டால் பழைய படங்களும், அது முன்பு சொன்ன பதிலும் சேர்ந்தே போகும்.

தீர்வுக்கு இரண்டு வரிகள் போதும். "அந்தந்தப் படத்தில் கண்ணால் காண்பதை மட்டும் எழுது, மற்றப் படங்களை வைத்து ஊகிக்காதே. தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று போடு." 'தெரியவில்லை' என்ற சொல்லை நீங்களே கொடுப்பது வெறும் 'ஊகிக்காதே' என்பதைவிட நன்றாக வேலை செய்கிறது, காலிக் கட்டத்தில் போட ஒன்று கிடைத்துவிடுகிறது இல்லையா. இன்னும் கறாராக வேண்டுமென்றால், தேதிக்குப் பக்கத்தில் 'படத்தில் எங்கே உள்ளது' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள்.

நான்கு பில்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தேவையே இல்லாதவை என்றால் ஒன்றாக அனுப்புவானேன்? மளிகை பில்லின் மூன்று துண்டுகளையும் ஒரு செய்தியாகவும், மற்ற மூன்றையும் தனித்தனியாகவும் அனுப்பலாம். ஒன்றின் பொருள் இன்னொன்றைப் பார்த்தால்தான் விளங்கும் என்றால் சேர்த்து அனுப்புங்கள். வெறும் சோம்பலுக்காகச் சேர்ப்பதில்தான் கசிவு வருகிறது. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் வரித் தாக்கலுக்குப் போகும் பில் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

அறிகுறி: சின்ன எழுத்தைத் தப்பாக வாசிக்கிறது

மாடலுக்குப் போகும் முன் படம் சுருக்கப்படுகிறது. கிளாட்டின் பல மாடல்களில் நீளமான பக்கம் 1568 பிக்சலைத் தாண்டினாலோ, படம் ஏறக்குறைய 1,600 டோக்கனைத் தாண்டினாலோ சுருக்கம் நடக்கும். டோக்கன் கணக்கு, அகலத்தை உயரத்தால் பெருக்கி 750-ஆல் வகுப்பது. கைபேசி எடுக்கும் 3024க்கு 4032 பிக்சல் படம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 951க்கு 1268 ஆகிவிடும். மற்ற நிறுவனங்களின் மாடல்களிலும் சுருக்கம் உண்டு, அளவுதான் வேறு.

இதைப் பில்லோடு பொருத்திப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீள பில்லை ஒரே படமாக எடுத்தால், அதிகபட்சமான 1568 பிக்சலும் அத்தனை நீளத்துக்கும் பங்காகி, ஒரு சென்டிமீட்டருக்கு 26 பிக்சல் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 5 பிக்சல்தான். அதில் 3, 8 இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாகப் பிரித்து எடுத்தால் ஒவ்வொரு படமும் தனக்கென்று தனி அளவு பெறுகிறது, எழுத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிக்சல் கிடைக்கிறது.

இதே காரணத்தால், 'பல படம் அனுப்பினால் குழம்புகிறதே' என்று ஆறையும் ஒரே படமாக ஒட்டி அனுப்புவது தப்பான வைத்தியம். ஆறு பில்களும் ஒரு படத்தின் பிக்சலைப் பங்கு போட்டுக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படங்களும் வழியிலேயே சுருங்கியவைதான். மூலப் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

தனியாக அனுப்பினாலும் தப்பாக வாசிக்கிறது என்றால் பெரும்பாலும் பிக்சல் குறைவு. தனியாக அனுப்பும்போது சரி, கூட்டத்தில் தப்பு என்றால், ஒன்று மேலே சொன்ன கசிவு, இல்லையென்றால் படங்கள் அதிகமானதால் அந்தச் செயலி கூடுதலாகச் சுருக்குகிறது. பில் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ இருந்தாலும் வாசிப்பு கெடும். கைபேசி, திருப்ப வேண்டிய கோணத்தை மறைத் தகவலாக வைத்திருக்கும்; அது தொலைந்தால் படம் சாய்ந்தே போகும். இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருள் இருந்தால் நிமிர்த்துவதையும் சுருக்குவதையும் ஒரே வரியில் முடிக்கலாம். மூலப் படங்கள் அப்படியே இருக்கும், புதியவை `out` என்ற கோப்புறைக்குப் போகும்:

```
mkdir out
magick mogrify -path out -auto-orient -resize "1568x1568>" -quality 90 *.jpg
```

அறிகுறி: சில படங்களைப் பற்றிப் பேச்சே இல்லை

பத்துப் பன்னிரண்டு படங்கள் போகும்போது இது வரும். 'எல்லாவற்றையும் விளக்கு' என்றால் முதலும் கடைசியும் விரிவாக, நடுவில் உள்ளவை 'மற்றவையும் இதே போல' என்று ஒரு வரியில் முடியும். எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள்: "12 படங்கள், பதிலில் 12 வரிகள், வரிக்கு ஒரு படம்." அப்படியும் 11 வரிகள்தான் வந்தால், ஒரு படம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஏற்றம் முடிவதற்குள் அனுப்பு பொத்தானை அழுத்திவிடுவது சகஜம்.

அறிகுறி: அனுப்பவே விடவில்லை

பிழைச் செய்தியில் அளவு, எண்ணிக்கை, வகை என்ற மூன்றில் ஒன்று இருக்கும். கிளாட் ஏபிஐயில் 8000க்கு 8000 பிக்சலைத் தாண்டிய படம் ஏற்கப்படாது. ஒரே கோரிக்கையில் 20 படங்களுக்கு மேல் போனால் அந்த வரம்பு ஒவ்வொரு படத்துக்கும் 2000க்கு 2000 ஆகக் குறையும். நேற்று 20 படங்களோடு ஒழுங்காக ஓடிய நிரல் இன்று 21-இல் நின்றால் இதுதான் காரணம், மேலே உள்ள கட்டளை இதற்கும் போதும். வகையில் ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், வெப்பி நான்கும் செல்லும். ஐபோன் எடுக்கும் `.heic` கோப்பை ஜேபெக்காக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். `.heic` என்பதை `.jpg` என்று பெயரை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது, அதே பிழைதான் திரும்ப வரும்.